கடைக்காரன் மேல என்ன தப்பு மாப்ளே?

வாடா மாப்ளே, உக்காரு. வெள்ளிக்கிழமை காய்வெட்டா வாங்கின பூவன் சீப்பு திங்கக்கிழமையே கொழகொழன்னு ஆயிருச்சுன்னு கடைக்காரனை வஞ்சுக்கிட்டுத் திரியுறியாம்ல? உன் வீட்டு மேசையை நானும் பாத்தேன். நாலு ஆப்பிள், ரெண்டு மாம்பழம், ஓரத்துல தக்காளி, நடுவுல சீப்பு, மேல பாலித்தீன் பை வேற! படிச்ச பிள்ளை, நடுவீட்டுல மூட்டம் போட்டுட்டுக் கடைக்காரனை வையுற.

மூட்டம் போட நாங்க தாரைக் குழியில அடுக்கி, வைக்கோல் போட்டு, புகை காட்டி, மண்ணைப் பூசி மூடுவோம். அந்தப் புகையில எத்திலீன்னு ஒரு வாயு இருக்கு. அது பட்டா காயில இருக்கிற மாவு சர்க்கரையாகும், பச்சை போய் மஞ்சள் தட்டும். பழுக்குற ஆப்பிள், மாம்பழம், தக்காளி எல்லாம் அதே வாயுவைத்தான் விடுது. நாங்க கண்ணு எரியச் செஞ்ச வேலையை உன் ஆப்பிள் சத்தமில்லாம செஞ்சு முடிச்சிருச்சு.

இதுல வாழைக்கு ஒரு கிறுக்கு உண்டு. அந்த வாயு கொஞ்சம் பட்டாப் போதும், தானும் விட ஆரம்பிச்சிரும். விட விட வேகமாப் பழுக்கும், பழுக்கப் பழுக்க இன்னும் விடும். அதனால மஞ்சள் தட்டினப்புறம் ஆப்பிளைத் தள்ளி வச்சு நிறுத்த முடியாது, கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம். பிரிக்கிறதா இருந்தா பச்சையா இருக்கும்போதே பிரிக்கணும்.

பையைக் கழட்டு. வெயில் படாத, காத்தோடுற இடத்துல கயித்துல கட்டித் தொங்கவிடு. வாயுவும் தங்காது, கீழ அழுந்திக் கன்னிப்போகவும் செய்யாது. அடிபட்ட இடமும் எத்திலீன் விடும், தெரிஞ்சுக்க. துணைக்கு ஏதாச்சும் வேணும்னா ஆரஞ்சு, திராட்சையை வையி, அதுங்க விடுறது ரொம்பக் கம்மி. ஆனா ஆரஞ்சுல பச்சைப் பூஞ்சை பூத்துச்சுன்னா உடனே தூக்கி எறி. அந்தப் பூஞ்சையே எத்திலீன் விடும்.

சீப்போட காம்புல பிளாஸ்டிக் சுத்துனாப் போதும்னு உன் பொண்டாட்டி செல்லுல பாத்துச் சொன்னாளாமே? சுத்தட்டும், பாவம், ஆசையாச் சொல்றா. ஆனா வாயு காம்புல மட்டுமா வருது? தோல் பூராவும் வருதே. பெருசா எதிர்பாக்காதே.

பிரிட்ஜுக்கும் நேரங்காலம் இருக்கு. வாழைக்குப் 13 டிகிரிக்குக் கீழ குளிர் ஆகாது. காயை உள்ள வச்சா தோல் கறுத்துரும், வெளிய எடுத்தாலும் ஒழுங்காப் பழுக்காது. நல்லாப் பழுத்தப்புறம் வையி, நாலு நாள் தாங்கும். தோல் கறுக்கும், உள்ள சதை நல்லாத்தான் இருக்கும். கறுப்பைப் பாத்ததும் குப்பையில போட்டுறாதே. நீ என்ன தோலையா திங்கப்போற? வேணாம்னா இங்க கொண்டாந்து குடு, பல்லில்லாத எனக்கு அதான் தோது.