நான் முத்திரை பதித்த கதை

எங்கள் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்துக்குப் போகாமல் வீட்டில் தூங்கிய காரணத்தால் என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பதவிக்கு வந்ததும் என் கண்ணில் பட்ட முதல் குறை, சங்கத்துக்கு ஒரு வட்ட சீல் இல்லை என்பது. வெறும் கையெழுத்தை, அதிலும் என் கையெழுத்தை, யாரும் மதிப்பதில்லை. அதன்மேல் நீல மையில் ஒரு வட்டம் விழுந்தால் தண்ணீர் லாரிக்காரர்கூட ஒரு கணம் யோசிப்பார்.

“டிசைனை நானே பண்றேன்” என்று வீட்டில் அறிவித்தேன்.

“நாலு புள்ளிக் கோலம்கூட நேரா வராதே உங்களுக்கு” என்றாள் மனைவி. கலைஞனுக்கு வீட்டில் கிடைக்கும் வழக்கமான வரவேற்புதான்.

சீலின் விட்டம் 38 மில்லிமீட்டர். நான் வரைந்தது கணினித் திரையில், இட்லித் தட்டு அளவுக்குப் பெரிதாக்கி. அந்த அளவில் என்னதான் அடங்காது? மலை, மலைக்குப் பின்னால் உதயசூரியன், கதிர்கள், ஒரு தென்னை, தென்னங்கீற்றில் நரம்பு நரம்பாகக் கோடு. சுற்றிலும் சங்கத்தின் பெயர். சுற்றளவு 119 மில்லிமீட்டர் இருக்கிறதே என்று பெயரோடு பதிவு எண், தெருப்பெயர், பின்கோடு எல்லாவற்றையும் தாராளமாக விட்டேன்.

கடைக்காரர் படத்தை நிஜ அளவுக்குச் சுருக்கினார். சூரியன் கொசுக்கடியாகிவிட்டது.

“சார், எழுத்து வெளிவட்டத்துமேலயா உக்காரும்? உள்ளே தள்ளித்தானே உக்காரும்? அங்கே விட்டம் 31தான். சுத்தளவு 97. பின்கோடைத் தூக்கிடலாம்.”

தூக்கினார். அடுத்து கீற்றின் நரம்புகளுக்கு வந்தார். நான் வைத்திருந்த கோட்டின் தடிமன் கால் பாயின்ட், அதாவது 0.1 மில்லிமீட்டர்கூட இல்லை. லேசர் இயந்திரம் ரப்பரில் கோட்டைக் கீறுவதில்லையாம். கோட்டைச் சுற்றியுள்ள ரப்பரை எரித்துத் தள்ளிவிடும். கோடு மட்டும் ஒரு சின்னச் சுவர்போல எழுந்து நிற்கும். சுவர் மெலிந்தால் என்ன ஆகும்? அமுக்கும்போது சாயும், அல்லது ஓரம் பிய்ந்து போகும். பதிவில் ஒருநாள் கோடு இருக்கும், ஒருநாள் பாதிதான் இருக்கும்.

“0.3க்குக் கீழே போகாதீங்க. 0.4 வெச்சா நிம்மதி. இடைவெளிக்கும் அதே கணக்குதான். இல்லேன்னா மை ரெண்டு கோட்டையும் சேர்த்துடும்.”

என் சூரியக் கதிர்கள் எல்லாம் நடுவில் ஒன்றுகூடுகிற இடத்தில் இடைவெளி என்று ஒன்று கிடையாது. அங்கே உதிக்கப்போவது சூரியன் இல்லை, ஒரு நீலத் திட்டு.

படத்தைவிடப் பெரிய ஆபத்து எழுத்தில் இருந்தது. தனியாக நிற்கும் மெல்லிய புள்ளிக்குப் பக்கத்துணை கிடையாது; அதுதான் முதலில் உதிரும். உதிர்ந்தால் நலச்சங்கம் ‘நலசசஙகம’ ஆகிவிடும். ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள், பழைய மரபு என்று சமாளிக்கலாமா என யோசித்தேன். தண்ணீர் லாரிக்காரர் ஒத்துக்கொள்ளமாட்டார். ‘எண்’ணில் இருக்கும் ணகரத்தின் சுழிகளோ மையால் அடைத்துக்கொள்ளும், அப்புறம் அது ‘பதிவு என்’. கடைக்காரர் எழுத்தைப் பெரிதாக்கிப் புள்ளிகளைத் தடிப்பாக்கினார். அதற்கு இடம் வேண்டுமே? தென்னை போயிற்று. பின்னாலேயே மலையும் போயிற்று.

எனக்கு மிச்சமிருந்த ஒரே பெருமை கண்ணாடித் திருப்பம். ரப்பரில் எழுத்து இடவலம் மாறி இருந்தால்தான் தாளில் நேராக விழும் என்பதை முந்தின இரவு மனைவிக்கு அரை மணி நேரம் விளக்கி, படத்தைத் திருப்பியே கொண்டு போயிருந்தேன்.

“எங்க சாஃப்ட்வேரே திருப்பிடும் சார். நீங்களும் திருப்பிக் கொடுத்தா ரப்பர்ல நேரா வரும், தாள்ல தலைகீழ்... இல்ல, இடம்வலமா விழும்” என்று ஒரே சொடுக்கில் என் அரை மணி நேரத்தை நேராக்கினார்.

திரும்பியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘ப’வைப் பார்க்காதீர்கள், அது இடவலம் திருப்பினாலும் ‘ப’தான். ‘ட’வைப் பாருங்கள். இல்லையென்றால் தாளில் அச்சிட்டு, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அப்போது சரியாகப் படிக்க முடிந்தால் படம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது எங்கள் சீலில் இருப்பது இரண்டு வட்டம், பெயர், பதிவு எண், தெருப்பெயர். அவ்வளவுதான். பதிவு பளிச்சென்று விழுகிறது. சீல் செய்யப் போகிறவர்கள் படத்தை 100 சதவீத அளவில் அச்சிட்டு ஒருமுறை பாருங்கள், நேராகவே கொடுங்கள், “திருப்புவது நீங்களா, நானா” என்று கடையில் கேட்டுவிடுங்கள். உதயசூரியன் வேண்டுமென்றால் லெட்டர்பேடில் போட்டுக்கொள்ளலாம், அங்கே இடம் நிறைய இருக்கிறது.