அப்பளம் சொல்லும் சாட்சி

கேள்வி: தஞ்சாவூரில் எங்கள் வீட்டு டிரசீனாவின் இலைநுனி மஞ்சளாகிப் பழுப்பாகிறது. தண்ணீரில் உள்ள ஃபுளோரைடா, வறண்ட காற்றா?

பதில்: டெல்டாவில் வறண்ட காற்றா? அரைமணியில் நமத்துப்போகும் அப்பளமே அதை மறுக்கும். செடி ஏசிக்கு நேரே நின்றால் மட்டும் காற்றைச் சந்தேகிக்கலாம். வேர் உறிஞ்சும் ஃபுளோரைடு நீரோடு ஏறி இலைநுனியில் தங்கிவிடும், திரும்பி இறங்காது. ‘அது தர்மபுரிச் சிக்கலாயிற்றே’ என்பீர்கள். சரிதான், ஆனால் நாம் குடிக்கத் தகுந்த, லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவே டிரசீனாவைக் கருக்கக்கூடும். வயலுக்கு வாங்கிய சூப்பர் பாஸ்பேட்டில் ஒரு பிடியைத் தொட்டிக்கும் போட்டீர்களா? அதிலும் ஃபுளோரைடு உண்டு. தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் ஃபுளோரைடு போகாது, நீர் வற்றி அடர்த்திதான் கூடும். உரத்தை நிறுத்தி, ஐப்பசி மழைநீரையே ஊற்றுங்கள். கருகிய நுனி பச்சையாகாது; புது இலையைப் பாருங்கள். அது சுத்தமாக வந்தால் பழி நீருக்கோ உரத்துக்கோதான், ஆழ்குழாய் உப்பும் கூட்டாளியாக இருக்கலாம். அடியிலை முழுதாக மஞ்சளானால் அது வேறு வழக்கு: முதுமை, அல்லது உங்கள் தாராளமான சொம்பு.