வகுத்தல் சரி; வகுத்த எண்?

கேள்வி: மாதச் சம்பளம் 15,600 ரூபாய். ஒரு நாள் லீவு போட்டேன். முதலாளி 30-ஆல் வகுத்து, ‘நீ வந்தது 25 நாள், 13,000 ரூபாய்’ என்கிறார். சரியா?
– கடை ஊழியர், வலையபட்டி

பதில்: ஒரு நாள் லீவுக்கு 2,600 ரூபாயா! 30-ஆல் வகுத்தால் நாள் கூலி 520. அந்த 30-க்குள் ஞாயிறும் இருக்கிறது. அப்படியானால் சம்பள நாள் 29, கைக்கு 15,080 ரூபாய். ஞாயிறை விட்டுவிட்டு வேலை நாள் 26-ஆல் வகுத்தால் கூலி 600. 25 நாளுக்கு 15,000. இரண்டுமே கணக்குதான். வகுக்கும்போது ஞாயிறைச் சேர்த்து, பெருக்கும்போது கழற்றிவிடுவதுதான் தவறு.

கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு நாள்கூட லீவு இல்லாத மாதத்துக்கு அதே கணக்கைப் போடச் சொல்லுங்கள். 26 × 520 = 13,520 என்று வந்தால் வகுத்த எண் பொருந்தவில்லை. சில மாதம் வேலை நாள் 27 வரும். அப்போது வெட்டு 27-இல் ஒரு பங்குக்கு, அதாவது 578 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது.

பணிக்கொடையில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. 1980-இல் திக்விஜய் உல்லன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 26-ஐ ஏற்றது. 1987 திருத்தம் அதைச் சட்டத்திலேயே எழுதியது. சட்டம் பொருந்தும் கடையில் பத்து வருடம் உழைத்தால் 600 × 15 × 10 = 90,000 ரூபாய். 30-ஆல் வகுத்துக் கொடுத்தால் 12,000 குறையும், கையெழுத்துப் போடாதீர்கள்.