நேரே டி-டெஸ்ட்டுக்குப் போகிறவர்

மருந்துத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் காணப்படும் ஒரு வகை சீனியர் இவர். இரண்டு ஆய்வு முறைகளை ஒப்பிட வேண்டும் என்றதும் இரண்டு சராசரிகளை எடுத்து டி-டெஸ்ட்டில் போட்டுவிடுவார். எக்செலில் T.TEST கேட்கும் கடைசி எண்ணாக எப்போதும் 2 தான் கொடுப்பார். இரு முறைகளின் பரவலும் சமம் என்று சத்தியம் செய்வதற்கான எண் அது. சமமில்லை என்றால் 3 கொடுக்க வேண்டும் என்பதை அவர் இதுவரை விசாரித்ததில்லை. அவருக்கு முன்னால் இருந்தவரும் 2 தான் கொடுத்தார்.

ஒரு பாரசிட்டமால் 500 மி.கி. மாத்திரைத் தொகுதியை எடுத்துக்கொள்ளலாம். பொடித்துக் கலந்த ஒரே மாதிரியை எச்.பி.எல்.சி.யில் ஆறு முறை அளந்தால் 499, 500, 501, 500, 499, 501 மி.கி. வருகிறது. அதையே யூவி கருவியில் ஆறு முறை அளந்தால் 511, 510, 506, 499, 500, 504. சராசரிகள் 500, 505. இவர் கண்ணில் படுவது நடுவே உள்ள அந்த 5 மட்டும்தான்.

“சார், யூவி ரீடிங் ரொம்பச் சிதறுதே?” என்று புதிதாகச் சேர்ந்த பெண் கேட்பார்.

“ஆவரேஜ் எடுத்தா எல்லாம் அடங்கிடும்மா.”

அடங்குகிறதா என்று பார்க்கத்தான் எஃப்-டெஸ்ட். ஒவ்வொரு அளவும் தன் சராசரியிலிருந்து விலகும் தூரத்தை வர்க்கமாக்கிக் கூட்டி, எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்தால் பரவற்படி கிடைக்கும். எச்.பி.எல்.சி.க்கு அது 4/5, அதாவது 0.8, யூவிக்கு 124/5, அதாவது 24.8. பெரியதைச் சிறியதால் வகுக்க, எஃப் 31. இரு பக்கமும் ஐந்து டிகிரி ஆஃப் ஃப்ரீடம் இருக்கையில், எந்த முறை அதிகம் சிதறும் என்று முன்கூட்டிச் சொல்லாமல் கேட்கும் இருமுனைச் சோதனையில், 5 விழுக்காட்டு அட்டவணை எல்லை 7.15. இவர் சில சமயம் ஒருமுனை அட்டவணையைத் திறந்து 5.05 என்று படிப்பதும் உண்டு. இந்த முறை 31 இரண்டையும் தாண்டிவிட்டதால் அந்தத் தவறு யார் கண்ணுக்கும் தெரியாமல் தப்பிக்கிறது.

பரவல் சமமில்லை என்றானபின் இரண்டையும் ஒரே உண்டியலில் கொட்டிப் பொதுப் பரவல் எடுக்கும் டி-டெஸ்ட்டுக்கு இடமில்லை. வெல்ச் முறைக்குப் போக வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை. இரு பக்கமும் ஆறு ஆறு அளவுகள் என்பதால் எந்த வழியில் போனாலும் டி 2.42 தான். மாறுவது எல்லைதான். இவருடைய வழியில் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 10, எல்லை 2.23, வித்தியாசம் உறுதி. வெல்ச் வழியில் அது ஏறத்தாழ 5 ஆகச் சுருங்கி, எல்லை 2.57 ஆகிறது, வித்தியாசம் உறுதிப்படவில்லை. எச்.பி.எல்.சி. அநேகமாக ஆடவே இல்லை, சந்தேகம் முழுவதும் யூவியின் ஆறு அளவுகளிலிருந்து வருகிறது. அப்படியிருக்க, பத்து டிகிரி ஆஃப் ஃப்ரீடத்தின் தைரியம் எங்கிருந்து வரும்?

இவருக்கு வந்துவிடும். “யூவி 5 மி.கி. கூட்டிக் காட்டுது” என்று அறிக்கை எழுதி, இனி யூவி அளவு ஒவ்வொன்றிலும் 5 கழிக்கச் சொல்வார். கழித்தால் 511 என்பது 506 ஆகும், 499 என்பது 494 ஆகும். சிதறல் இம்மியும் குறையாது. யூவியில் இங்கே நிரூபணமான குறை சிதறல் ஒன்றுதான். அதைச் சொன்ன எஃப்-ஐத்தான் இவர் தாண்டிக் குதித்துப் போனார்.

தணிக்கைக்கு வந்தவர் ஒருமுறை கேள்வி கேட்டுவிட்டால் இவர் திருந்துவார். திருந்தினால் இன்னும் ஆபத்து. எஃப்-டெஸ்ட் கட்டாயம் என்று சுற்றறிக்கை விடுவார், ஆனால் கரைப்பான் செலவைப் பார்த்து அளவுகளை மும்மூன்றாகக் குறைப்பார். மூன்றுக்கு மூன்று என்றால் எஃப் எல்லை 39. முன்னே மாட்டிக்கொண்ட அதே 31 இப்போது வாசலில் வணக்கம் வாங்கிக்கொண்டு உள்ளே போகும். “பாஸ்” என்று இவர் எழுதுவார். வித்தியாசத்தைப் பிடிக்க அளவுகள் போதவில்லை என்பதுதான் அதன் பொருள். பரவல் சமம் என்பதல்ல. தாறுமாறான ஒரே ஒரு அளவு எஃப்-ஐ ஏற்றிவிடும் என்பதும் உண்டு. அளவுகளை ஒரு தாளில் புள்ளியாக வைத்துப் பார்த்தாலே அது தெரியும், ஆனால் இவர் புள்ளி வைப்பதில்லை. இந்தத் தொல்லைகளால், எஃப்-ஐ டி-டெஸ்ட்டின் வாயிற்காவலனாக வைக்காமல் எப்போதும் வெல்ச் முறையையே பயன்படுத்தலாம் என்று சொல்லும் புள்ளியியலாளர்களும் உண்டு. அவர்கள் வழியிலும், முறைகளின் துல்லியத்தை அறிய எஃப் வேண்டியிருக்கிறது.

அடுத்து இவர் பத்து வெவ்வேறு தொகுதிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் இரு முறையிலும் ஒருதரம் அளந்து, அதற்கும் எஃப் போடுவார். அங்கே பரவலில் பெரும்பகுதி தொகுதிக்குத் தொகுதி உள்ள வித்தியாசம். இரு வரிசையிலும் அது ஒன்றுபோல இருப்பதால் எஃப் ஒன்றை ஒட்டியே வரும், முறைகளைப் பற்றி எதுவும் சொல்லாது. அங்கே வேண்டியது ஜோடி டி-டெஸ்ட். தொகுதிவாரியாகக் கழித்து வரும் பத்து வித்தியாசங்களை மட்டும் அது பார்க்கும். T.TEST-இல் அதற்கு எண் 1.