ஐந்தாம் பிரதிவாதியின் தற்செயல் விடுப்பு

அரசு அலுவலகங்களில் எழுதப்படும் ஆவணங்களுள் மிகச் சிறியதாக இருந்தும் மிகப் பலரால் படிக்கப்படுவது விடுப்பு விண்ணப்பமே ஆகும். அதை அனுமதிக்க வேண்டியவர் ஒரே அதிகாரிதான் எனினும், அவர் மேசையை அடையுமுன் அது எழுத்தர், கண்காணிப்பாளர் முதலியோரின் கைகளையும், தேநீர் கொண்டுவருபவரின் கண்களையும் கடந்தாக வேண்டியிருப்பதால், நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டிய ஒருவர் அதில் எவ்வளவு எழுதுவது என்பது ஆராயத்தக்கதாகிறது.

தமிழ்நாடு அரசுப் பணியாளருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு, அதாவது திடீரென எழும் சிறு தேவைகளுக்கான விடுப்பு, உண்டு. அதற்குக் காரணமாக 'சொந்த அலுவல்' என்று எழுதுவது நெடுங்கால வழக்கம். காதுகுத்து முதல் கடன் வாங்குவது வரை அனைத்தையும் அத்தொடர் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறது. இவ்வளவு வசதி இருந்தும், நீதிமன்றம் என்றவுடன் பலரும் இதைக் கைவிட்டுக் காய்ச்சலையோ பாட்டியின் மரணத்தையோ நாடுவது வியப்புக்குரியது. காய்ச்சலுக்கு மருத்துவச் சான்று கேட்கப்படலாம். பாட்டியோ, ஏற்கெனவே ஒருமுறை இறந்தவராகப் பதிவேட்டில் இருக்கலாம்.

வட்டாட்சியர் அலுவலக இளநிலை உதவியாளர் ஒருவரின் தந்தை விட்டுச்சென்ற வீட்டுக்காக, அவருடைய தமக்கை சொந்த ஊரில் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்திருப்பதாகக் கொள்ளலாம். இவ்வகை வழக்கில் பங்குரிமை உள்ள அனைவரும் சேர்க்கப்பட வேண்டும் என்பதால், வழக்குத் தொடுக்காத உடன்பிறப்புகள் எல்லாரும், தமக்கைக்குப் பங்கு தர முழுமனதாக இசைபவர் உட்பட, பிரதிவாதிகளாகவே நிறுத்தப்படுகின்றனர். அவ்வகையில் ஐந்தாம் பிரதிவாதியான இவர், 'நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டியிருப்பதால்' என்று மட்டும் எழுதினால், உணவு இடைவேளைக்குள் ஐந்தாம் குற்றவாளியாகிவிடுவார்; மாலைக்குள் முதல் நால்வரும் யார் என்பதும் அலுவலகத்தாரால் முடிவு செய்யப்பட்டிருக்கும். ஒன்றும் சொல்லாதிருப்பதைவிடப் பாதி சொல்வதே அதிகம் சொல்லிவிடுகிறது.

ஆகவே அவர் எழுத வேண்டியவை சில. விடுப்பு நாள், விடுப்பின் வகை, 'சொந்த அலுவல்' என்னும் காரணம் ஆகியவற்றோடு, பணிபுரியும் ஊரைவிட்டு வெளியே செல்வதால் தலைமையிடம் விட்டுச் செல்ல அனுமதியும் கேட்க வேண்டும். கண்காணிப்பாளர் வாய்மொழியாக மேலும் கேட்டால், குடும்பச் சொத்து தொடர்பான உரிமையியல் வேலை, தள்ளிவைக்க இயலாத தேதி என்பது போதுமானது. வீட்டின் சதுர அடியையோ, தமக்கை கணவரின் குணநலன்களையோ விவரிக்குமாறு எந்த விதியும் பணிக்கவில்லை.

விண்ணப்பம் எழுதுமுன் வழக்கறிஞரிடம் ஒன்றைக் கேட்டறிவது நலம். வக்காலத்து, அதாவது தமக்காக வாதாட வழக்கறிஞருக்கு அளிக்கும் எழுத்து அதிகாரம், கொடுத்தபின் பெரும்பாலான வாய்தாக்களுக்குக் கட்சிக்காரர் நேரில் செல்லத் தேவையில்லை. முதல் விசாரணைக்கான சாட்சியம் உறுதிமொழிப் பத்திரமாகவே தாக்கலாகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேள்வி கேட்கும் குறுக்கு விசாரணைக்கே ஆள் நேரில் வேண்டும். அந்த நாளும் தள்ளிப்போகக்கூடும். வழக்கு விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா வழங்கலாகாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் கூறுகிறது. நீதிமன்ற வராந்தாவில் அமர்ந்திருப்போர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எனவே 'இதுவே கடைசி முறை' என்று மேலதிகாரிக்கு எழுத்தில் வாக்களிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

குற்ற வழக்கில் நிலைமை வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பழைய சட்டத்தைப் பின்பற்றி, அரசுப் பணியாளருக்கான நீதிமன்ற அழைப்பாணையைப் பொதுவாக அவருடைய அலுவலகத் தலைவருக்கே அனுப்பச் சொல்கிறது. பாட்டியைக் கொல்லக் காத்திருக்கும் பணியாளருக்கு முன்னரே அதிகாரிக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. காவல் நிலையம் சாட்சி ஒருவரை விசாரணைக்கு அழைப்பதானால் எழுத்துமூல ஆணை தேவை என்பதால், தொலைபேசியில் வரும் அழைப்புக்கு அதைக் கேட்டுப் பெறுவது முறை. இல்லையேல் சீருடையில் ஒருவர் அலுவலக வாசலில் வந்து நின்று பெயரை விசாரிக்கும்போது, மறைக்க எதுவும் மிஞ்சாது. கைதானவருக்கோ மௌன உரிமை அலுவலகத்தில் இல்லை: மேலதிகாரிக்குத் தெரிவிப்பது கடமை என்பதோடு, காவலில் 48 மணி நேரத்தைத் தாண்டினால் அவர் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பதாகவே கருதப்படுவார்.

ஐந்தாம் பிரதிவாதிக்கு அத்தகைய அச்சமில்லை. எனினும் அவர் நீதிமன்றத்துக்கு வந்ததற்கான வருகைச் சான்றை அலுவலர்கள் கலைவதற்குள் கேட்டுப் பெற்று, தம் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரேனும் கேட்டால் காட்டலாம், கேட்கும்வரை காட்ட வேண்டியதில்லை.