விலையை மட்டும் சொல்லிடாத, தம்பி

வாடா தம்பி, திண்ணையில உக்காரு. மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? புரோக்கர் மறுபடியும் வந்தானா? வரட்டுமே. அவன் வண்டிக்கு அவன் பெட்ரோல் போட்டுக்கறான். உனக்கு இன்னா செலவு?

திண்டிவனம் பாண்டிச்சேரி ரோடு நாலு வழியான நாளா நம்ம கிளியனூருல இதே கூத்துதான். மல்லாட்டை வெளைஞ்ச கொல்லியில கலர் கொடி நட்டு, அதுக்கு வாயில நுழையாத ஒரு இங்கிலீஷ் பேரும் வெச்சுடறான். 2021-ல கழுவேலியைப் பறவைங்க சரணாலயம்னு அரசாங்கம் அறிவிச்சுது. பறவைக்குச் சேதி போச்சோ இல்லையோ, புரோக்கருக்குப் போயிடுச்சு. "பெருசு, இனிமே உங்க கொல்லி லேக் வியூ"ன்றான். எந்தப் பனைமரத்துல ஏறி நின்னா ஏரி தெரியும்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டான். அவனுக்குக் கோவமே வராதுடா. அதான் அவன் தொழிலு.

நீ படிச்ச பையன். "வேணாம்"னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வீடியோ பாடம் வேண்டியிருக்கு. வாட்ஸ்அப்புல ரெண்டு பக்கத்துக்குக் கடுதாசி எழுதி, "தற்போதைய சூழலில்"னு ஆரம்பிச்சியாமே? தற்போதைய சூழல்னா இன்னா அர்த்தம்? அடுத்த சூழல்ல வான்னுதானே? அவன் அப்படித்தான் படிச்சான். அதான் திரும்ப வந்துட்டான்.

அதைவிடப் பெரிய கூத்து, நேத்து நீ விட்ட வார்த்தை. "சென்ட்டுக்கு ரெண்டு லட்சம்னா யோசிக்கலாம்"னு சொன்னியாமே? துரத்தறதுக்காகச் சும்மா சொன்னேன்றியா? மரக்காணத்து உப்பளத்துல பாத்தியில தண்ணி கட்டிட்டுப் பேசாம இருப்பானுங்க, உப்பு தானா பூக்கும். புரோக்கரும் பேச்சைக் கட்டிட்டுச் சும்மா இருப்பான். நீயா ஒரு விலையைப் பூக்க வெச்சுட்டே. விலை சொன்னவன் விக்கிறவன்தான். இனி அவனுக்குப் பேச வேண்டியது தொகை ஒண்ணுதான்.

அந்த விலையை எடுத்துக்கினு அவன் எங்க போனான் தெரியுமா? உன் கொல்லிக்குப் பின்னாடி மூணு ஏக்கர் வெச்சிருக்காரே உன் மாமா முறை, அவரு வூட்டுக்கு. அவருக்குப் பொண்ணு கல்யாணம் நிக்குது. அவரு விக்கத் தயாரு. ஆனா ரோட்டை ஒட்டி இருக்கறது உன்னோட ஒண்ணேகால் ஏக்கர். மனை போடறவனுக்கு ரோட்டுலேர்ந்து உள்ள போக அகலமான பாதை காட்டணும், இல்லாட்டி லேஅவுட்டுக்கு அங்கீகாரம் வராது. அதனால உன்னுது இல்லாம அவருது போணியாகாது. "முன்னாடி இருக்கறவன் ரெண்டு லட்சம் கேக்கறான், அதான் உங்க வியாபாரம் நிக்குது"ன்னு அவரு காதுல ஒரு வார்த்தை. ராத்திரிக்குள்ள டீக்கடையில அது ரெண்டரை ஆயிடுச்சு. ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இந்தக் கூத்தாடிக்குக் கமிஷன் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வரும்.

ஒரு சென்ட்டுக்கு 435.6 சதுர அடி. வாங்கறப்போ சென்ட்டுல பேசுவான், விக்கிறப்போ சதுர அடியில பேசுவான். நடுவுல எவ்வளவு நிக்குதுன்னு அவனைக் கேளு. "ஊருக்கு வளர்ச்சி"ம்பான்.

சரி, இப்ப இன்னா பண்றது? பொழுது சாயறதுக்குள்ள மாமா வூட்டுக்குப் போ. புரோக்கரை நாலு திட்டுத் திட்டிட்டு ஆரம்பிக்காத. அவரு விக்க நெனைக்கிறதைத் தப்புன்னும் சொல்லாத. கல்யாணச் செலவை நீயா குடுக்கப் போற? இப்படிச் சொல்லு: "மாமா, நான் விக்கல. விலை பேசவும் இல்ல, வாய் தவறி ஒண்ணு சொன்னேன், அது கணக்குல இல்ல. நீங்க விக்கிறது உங்க இஷ்டம், நான் குறுக்க நிக்க மாட்டேன். என் கொல்லி வழியா உங்க நெலத்துக்குப் போற வண்டிப்பாதை எப்பவும் போல இருக்கும். என் பேரைச் சொல்லி யாராச்சும் எதையாச்சும் சொன்னா, நேரா என்னைக் கேளுங்க." அவ்வளவுதான். அத்தை காபி குடுத்தா குடிச்சுட்டு வா.

அந்தப் பாதை விஷயத்துலதான் நம்ம ஆளுங்க கோட்டை விடுவானுங்க. புரோக்கர் மேல இருக்கற கடுப்புல வரப்பு ஓரமா முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைப்பான். அடைச்சா இன்னா ஆவும்? 1882-லயே வெள்ளைக்காரன் வசதி உரிமைச் சட்டம்னு ஒண்ணு போட்டுட்டுப் போயிருக்கான். இருபது வருஷம் தடை இல்லாம, வெளிப்படையா, உரிமையா ஒருத்தரு நடந்த பாதையில அவருக்கு உரிமை வந்துடும். கோர்ட்டுக்குப் போனா நீதான் முள்ளைப் பொறுக்கணும், உறவும் போவும். அதே சமயம், மாடும் டிராக்டரும் போன பாதை நூறு மனைக்கு ரோடா மாறிடாது. பாதையோட சுமையை அவரு இஷ்டத்துக்கு ஏத்த முடியாது. அதனாலதான் புரோக்கர் ஒரு நாள் ஸ்டாம்பு பேப்பரோட வருவான். "ஒண்ணுமில்ல, பாதைக்குத் தடையில்லன்னு ஒரு கையெழுத்து, பக்கத்து வூட்டுக்காரருக்கு உதவி"ம்பான். உதவின்னா மாமாவே வந்து கேப்பாரே, இவன் எதுக்கு? மாமாவே கேட்டாலும் வக்கீல் படிச்சுப் பாக்காம கையெழுத்து போடாத.

"டீ செலவுக்கு வெச்சுக்கங்க"ன்னு பத்தாயிரத்தை உன் மேல் பையில சொருகுவான். அங்கயே எடுத்துக் குடுத்துடு. அட்வான்ஸ் வாங்கிட்டு நீ எழுதிக் குடுக்கற துண்டுச் சீட்டைக் காட்டி ஒப்பந்தம் இருக்குன்னு வழக்கு போடப் பாப்பான். கெலிக்கிறானோ தோக்கறானோ, நீ கோர்ட்டுக்கு நடக்கணும். நெலத்து மேல எதாச்சும் ஏறியிருக்கான்னு tnreginet.gov.in-ல வில்லங்கம் பாத்துக்க. அதுக்குத்தான் உன் போனு, கடுதாசி எழுதறதுக்கு இல்ல.

இன்னொண்ணு. "அண்ணன் ஒத்துக்கல"ன்னு சாக்கு சொன்னியா? சொல்லியிருப்ப, எல்லாரும் சொல்றதுதான். அதைவிட நல்ல விலாசம் அவனுக்கு யாரு குடுப்பா? ஸ்வீட் பாக்ஸோட மெட்ராஸ்ல அண்ணன் வூட்டு வாசல்ல நிப்பான். பாகம் பிரிக்காத நெலம்டா அது. அண்ணன் தன் பங்கை வெளியாளுக்கு வித்துட்டா, வாங்கினவன் பாகப்பிரிவினை வழக்கோட உன் வரப்புல வந்து நிப்பான். உங்க அப்பா உயில் எழுதாம போயி உங்களுக்கு வந்த சொத்துன்னா, 1956 இந்து வாரிசு சட்டத்துல 22-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. ஒரு வாரிசு தன் பங்கை விக்கப் போனா, வாங்கறதுக்கு முதல் உரிமை மத்த வாரிசுக்கு. விவசாய நெலத்துக்கும் இது உண்டுன்னு 2019-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. ஆனா சும்மா வாய்ல சொன்னா நெலம் வந்துடாது, காசைக் குடுத்துத்தான் வாங்கணும். அண்ணன் கேக்காம வித்துட்டான்னா வழக்கும் போடணும். அதனால அண்ணனுக்கு முதல்ல போன் போடு. "விக்கிறதுன்னா மொதல்ல எனக்குச் சொல்லுண்ணே"ன்னு கேட்டு வெய்யி. தங்கச்சியை மறந்துடாத, அதுக்கும் பங்கு உண்டு. கல்யாணத்துல போட்ட நகையோட கணக்கு முடிஞ்சுதுன்னு நீ நெனைச்சுக்கினு இருப்ப.

சரி, எழுந்திரு. இருட்டறதுக்குள்ள மாமா வூட்டுக்குப் போயிட்டு வா. நாளைக்குப் புரோக்கர் வந்தா மோர் குடு, மரியாதையா உக்கார வெய்யி. "விக்கல"ன்னு ஒரே வார்த்தை சொல்லு. ஏன்னு கேப்பான். காரணம் சொல்லாத, காரணம் சொன்னா அதுக்கு ஒரு பதில் அவன்கிட்ட இருக்கும். மழை எப்படின்னு கேட்டுட்டு அனுப்பி வெய்யி.