கம்பியைப் பிடிக்கும் கை

கேள்வி: டெய்லர் அக்கா மூன்று பிளவுஸ் படம் வரைந்து அனுப்பினார். "போட் நெக் வேண்டாம்க்கா, பின்னால் ஹூக் மாட்டிவிட ஆள் தேடணும். முதுகு இறக்கி நாடா வைத்ததும் வேண்டாம், தோள் நழுவும். மூன்றாவது, பிரின்சஸ் கட் தையுங்க. தினமும் ரயிலில் கும்மிடிப்பூண்டி போகணும், அக்குளை நல்லா இறக்கி வெட்டுங்க" என்று பதில் போட்டேன். சரிதானே?
– ஒரு வாசகி, பொன்னேரி

பதில்: படத்துப் பெண் கையைத் தொங்கவிட்டு நிற்கிறாள். ரயிலில் கம்பியைப் பிடிக்கப்போவது யார்?

தேர்வு சரி, கடைசி வரியை மாற்றுங்கள். அக்குள் வெட்டு இறங்கினால், கையைத் தூக்கும்போது பிளவுஸும் கூடவே ஏறும். வெட்டு அக்குளை ஒட்டி இருக்கட்டும். தாராளம் கையின் சுற்றளவில் இருக்கட்டும். போட்டுப் பார்க்கும்போது கையைத் தூக்குங்கள். இடுப்புப் பட்டி அதிகம் ஏறாவிட்டால் வாங்கிக்கொள்ளுங்கள்.